இரண்டு முறை பூஜ்யம், மூன்றாம் முறை 3,290 ரூபாய்

கேள்வி: ‘எங்கள் தோட்டத்து வீட்டுக்கு எப்போதும் இரண்டு மாதத்துக்கு 400, 500 ரூபாய்க்குள்தான் கரன்ட் பில் வரும். இந்த முறை பல மடங்கு வந்திருக்கிறது. வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மீட்டர் ஓட்டம் அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறோம். மீட்டரைச் சோதிக்க யாரிடம் மனு கொடுப்பது? அதுவரை பணம் கட்டாமல் இருக்கலாமா?’

- வாசகர், தாராபுரம் வட்டம்.

பில் திடீரென்று ஏறினால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது மீட்டரைத்தான். ஆனால், மீட்டர் சரியாக இருந்து பில் மட்டும் தப்பாக இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் மீட்டர் சோதனைக்கு மனு கொடுத்தால், ‘மீட்டர் நன்றாக உள்ளது’ என்று சான்று வரும். சோதனைக் கட்டணமும் போகும், பில்லும் அப்படியே நிற்கும். அதனால், எதைக் கேட்டு மனு எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். காங்கேயம் பக்கம் ஒரு குடும்பத்துக்கு 2023-ம் ஆண்டு நடந்ததைப் பார்த்தால் இது புரியும்.

ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் குடும்பம் அது. கணவன், மனைவி, மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு டி.வி., மூன்று ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், குடிதண்ணீருக்கு அரை ஹெச்.பி. மோட்டார். பாசனக் கிணற்றுக்கு இலவச மின்சாரம், அது தனி இணைப்பு. ஏப்ரல் 8-ம் தேதி வீட்டு இணைப்புக்கு 660 யூனிட், 3,290 ரூபாய் என்று செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. கடலைக் களையெடுப்புக்கு ஆள் கூலி கொடுக்க வைத்திருந்த பணமே அவ்வளவுதான்.

கணவர் பிரிவு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். “யூனிட் ஓடியிருக்குதுங்க. ஓடினதுக்குக் கட்டித்தான் ஆகணும். சந்தேகம்னா மீட்டர் டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் அதற்கு எழுதக் கிளம்பியவர்தான். அவர் மனைவிதான் வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் பொறுங்க, இதுல என்னமோ இடிக்குது” என்று நிறுத்தினார்.

அட்டையில் இருந்த ரீடிங் இவை. 2022 அக்டோபரில் 6,240. டிசம்பரில் 6,300. 2023 பிப்ரவரியில் 6,330. ஏப்ரலில் 6,990. அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை 60 யூனிட். அடுத்த இரண்டு மாதம் 30 யூனிட். அதற்கடுத்த இரண்டு மாதம் மட்டும் 660 யூனிட்.

முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் டிசம்பரிலும் பிப்ரவரியிலும் பில் பூஜ்யம். ‘பரவாயில்லையே’ என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்களே தவிர, எப்படி என்று யாரும் கேட்கவில்லை. இங்கேதான் கவனிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட் என்பது நடக்காத காரியம். மழைக்காலமோ பனிக்காலமோ, ஃப்ரிட்ஜ் மட்டுமே அதைவிட அதிகம் எடுக்கும்.

நடந்தது என்னவென்றால், பகலில் எல்லோரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். கேட் பூட்டியிருக்கும், உள்ளே நாய் அவிழ்த்துவிட்டிருக்கும். ரீடிங் எடுக்க வந்தவர் இரண்டு முறையும் கேட்டோடு திரும்பியிருக்கிறார். ‘கதவு பூட்டியிருந்தது’ என்று பதிவு செய்திருந்தால் கணக்கு வேறு வழியில் போயிருக்கும். அவரோ உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டார். ஏப்ரலில் மாமியார் வீட்டில் இருந்ததால் மீட்டர் வரைக்கும் போய் உண்மையான ரீடிங்கை எடுத்தார். இரண்டு தவணையில் விட்டுப்போன யூனிட் எல்லாம் மூன்றாவதில் ஒன்றாக வந்து விழுந்துவிட்டது. கணினிக்கு மூன்றுமே ஒழுங்காக எடுத்த ரீடிங். அதனால் அது தானாக எதையும் திருத்தாது.

ஓடிய யூனிட்தானே, என்றைக்கு இருந்தாலும் கட்ட வேண்டியதுதானே என்று தோன்றலாம். இல்லை. மின் கட்டணம் மாடிப்படி மாதிரி. மேலே ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். 2022 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி அந்தக் குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ப் படியே கிடையாது. 101-லிருந்து 400 வரை 4.50, அடுத்த 100-க்கு 6, அதற்கடுத்த 100-க்கு 8, 601-லிருந்து 800 வரை 9 ரூபாய்.

660 யூனிட்டுக்கு அப்படிப் போட்டால் 1,350, 600, 800, 540 என்று கூடி 3,290 ரூபாய் வருகிறது. பில் போட்ட மெஷின் தப்பு செய்யவில்லை.

இப்போது மூன்று தவணையின் யூனிட்டையும் கூட்டினால், 60, 30, 660, ஆக மொத்தம் 750. ஆறு மாதத்துக்கு 750 என்றால் தவணைக்கு 250. இந்த வீட்டின் முந்தைய வருட அட்டையிலும் 240, 260, 250 என்றுதான் இருந்தது. 250 யூனிட்டுக்குக் கட்டணம் 450 ரூபாய். மூன்று தவணைக்கும் சேர்த்து 1,350. ஆக, ரீடிங் ஒழுங்காக எடுத்திருந்தால் ஆறு மாதத்தில் கட்டியிருக்க வேண்டியது 1,350 ரூபாய். கேட்டது 3,290. வித்தியாசம் 1,940 ரூபாய். இலவச யூனிட்டில் முதல் தவணையில் 40, இரண்டாவதில் 70 வீணானது ஒரு பக்கம், விலை கூடிய படிக்கு ஏறியது மறுபக்கம். (கட்டண விகிதம் அதற்குப் பிறகு மாறியிருக்கிறது. இப்போது கணக்குப் போடுகிறவர்கள் பில்லில் உள்ள தேதிக்குரிய விகிதத்தைப் பார்த்துப் போட வேண்டும்.)

மருமகள் இன்னொரு காரியமும் செய்தார். அதுதான் பிற்பாடு கைகொடுத்தது. பில் வந்த நாளிலிருந்து மீட்டரை தினமும் காலையில் செல்போனில் போட்டோ எடுத்தார். மீட்டர் திரையில் தேதி, நேரம், வோல்ட் என்று ஒவ்வொன்றாக மாறி மாறி வரும். அதில் ‘kWh’ என்று போட்டிருக்கும் எண்தான் யூனிட். ஏப்ரல் 18-ம் தேதி அது 7,031. பத்து நாளில் 41 யூனிட். நாளுக்கு நாலு யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 246. கோடையிலேயே இவ்வளவுதான் ஓடுகிறது என்றால் மீட்டரிலும் கோளாறு இல்லை, வயரிங்கிலும் கசிவு இல்லை. அப்படியென்றால் கேட்க வேண்டியது மீட்டர் சோதனை அல்ல, பில் திருத்தம்.

ஏப்ரல் 20-ம் தேதி கொடுத்த மனு சுருக்கமானது. அதன் சாரம் இதுதான்:

‘பெறுநர்: உதவிப் பொறியாளர், பிரிவு அலுவலகம். பொருள்: வீட்டு மின் இணைப்புக்கு ஏப்ரல் 2023 பில் திருத்தம் கோருதல். எங்கள் மின் இணைப்பு எண் இது. 2022 டிசம்பர், 2023 பிப்ரவரி தவணைகளில் மீட்டரைப் பார்க்காமல் ரீடிங் பதிவாகியுள்ளது. அதனால் மூன்று தவணையின் 750 யூனிட்டில் 660 யூனிட் ஒரே தவணையில் வந்து, 500 யூனிட்டுக்கு மேற்பட்ட விகிதத்தில் கணக்கிடப்பட்டுள்ளது. முந்தைய வருட உபயோகமும், பில்லுக்குப் பின் பத்து நாள் ரீடிங்கும் தவணைக்கு 250 யூனிட் அளவே காட்டுகின்றன. நேரில் பார்வையிட்டு, 750 யூனிட்டை மூன்று தவணைக்குப் பிரித்துக் கணக்கிட்டு, திருத்திய பில் வழங்கக் கோருகிறோம். இணைப்பு: வெள்ளை அட்டை நகல், மீட்டர் போட்டோ, பத்து நாள் ரீடிங்.’

‘அநியாயம்’, ‘கொள்ளை’ என்ற வார்த்தைகள் அதில் இல்லை. எந்த ஊழியர் மீதும் குற்றச்சாட்டும் இல்லை. ரீடிங் எடுத்தவரை மாட்டிவிட எழுதினால் அலுவலகம் அவரைக் காப்பாற்றப் பார்க்கும். எண்களை மட்டும் எழுதினால் அவர்களுக்கும் திருத்துவது சுலபம். மனுவை இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். சீல் போட மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பலாம். ‘மின்னகம்’ 94987 94987 எண்ணிலும் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை மனு நகலிலேயே குறித்து வைப்பது நல்லது.

இரண்டு தவணை யூனிட் ஒன்றாகச் சேர்ந்தால் பிரித்துக் கணக்கிடுவது புதிய விஷயம் இல்லை. 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க முடியாமல் போனபோது, நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியாக இலவச யூனிட் கொடுத்து, இடையில் கட்டிய தொகையைக் கழித்துத்தான் தமிழ்நாடு முழுவதும் பில் போட்டார்கள். உதவிப் பொறியாளர்களுக்கு இது தெரிந்த நடைமுறை. மனுவோடு நேரில் போகிறவர்கள் இதை நினைவுபடுத்தலாம்.

பணம் கட்டுவது பற்றி வாசகர் கேட்டிருக்கிறார். மனு கொடுத்துவிட்டோம் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மனு கொடுத்ததாலேயே கெடு தள்ளிப்போகாது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். அதன் பிறகு எழுத்து மூலம் முழுதாக 15 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதே சட்டம், அதாவது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு, நுகர்வோருக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. பில்லில் தகராறு இருந்தால், கேட்கும் தொகையையோ அல்லது முந்தைய ஆறு மாதம் கட்டியதன் சராசரிப்படி வரும் தொகையையோ, எது குறைவோ அதை ‘ஆட்சேபத்துடன்’ கட்டிவிட்டால், தகராறு தீரும் வரை துண்டிக்கக் கூடாது.

சட்டத்தில் இருப்பது அது. ஆனால், கவுன்டரில் இருக்கும் கணினி பெரும்பாலும் முழுத் தொகையைத்தான் ஏற்கும். பகுதித் தொகை கட்ட வேண்டுமென்றால் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டியிருக்கும். இந்தக் குடும்பம் கேட்டுப் பார்த்தது. “கட்டிடுங்க, திருத்தினா வரவு வெச்சுருவோம்” என்றார் பொறியாளர். களையெடுப்புக் கூலியை ஒரு வாரம் கடன் சொல்லிவிட்டு, ஏப்ரல் 28-ம் தேதி, கடைசி நாளில், 3,290 ரூபாயையும் கட்டினார்கள். அன்றைக்கே, ‘இத்தொகையை ஆட்சேபத்துடன் செலுத்தியுள்ளோம், எங்கள் 20-ம் தேதி மனு நிலுவையில் உள்ளது’ என்று இரண்டு வரிக் கடிதம் கொடுத்து அதற்கும் சீல் வாங்கினார்கள். இந்த இரண்டு வரி இல்லாவிட்டால், ‘பில்லை ஒத்துக்கொண்டுதானே கட்டினீர்கள்’ என்ற பேச்சு வரும்.

இனி, மீட்டர் மீதே சந்தேகம் உள்ளவர்களுக்கு. வாசகர் தன் அட்டையைப் பார்க்கும்போது, முந்தைய தவணைகள் வழக்கம்போலவே இருந்து, பில்லுக்குப் பின் பத்து நாள் ரீடிங்கும் வழக்கத்தைவிட அதிகமாக ஓடினால், விஷயம் வேறு. அப்போது வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம்.

முதலில் மெயினை அணைக்க வேண்டும். மீட்டர் முகப்பில் யூனிட் ஓடுவதைக் காட்டும் சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். மெயினை அணைத்த பிறகும் அது மின்னிக்கொண்டே இருந்தால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ கரன்ட் எடுக்கிறார்கள், அல்லது மீட்டரில் கோளாறு. மெயினைப் போட்டு, வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிய பிறகு மின்னினால் கசிவு வயரிங்கில். தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் குடிதண்ணீர் மோட்டாருக்கு மண்ணில் புதைத்துக் கொண்டுபோன கேபிளில்தான் இருக்கும். மண்வெட்டி பட்டோ, எலி கடித்தோ உறை கிழிந்து கரன்ட் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த யூனிட்டுக்கு மின்வாரியம் பொறுப்பல்ல. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கேபிளைத்தான் மாற்ற வேண்டும். ஈர மண்ணில் கசிவு உயிருக்கே ஆபத்து என்பதால் அதுவரை அந்த மோட்டாரைப் போடக் கூடாது.

இரண்டாவது, தெரிந்த சுமையைக் கொடுத்துப் பார்ப்பது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாளித் தண்ணீரில் 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மட்டும் போட வேண்டும். (ஓடும்போது தண்ணீரைத் தொடக் கூடாது.) அயர்ன் பாக்ஸ் இதற்கு உதவாது, சூடேறியதும் அது தானாக நின்று நின்று ஓடும். மீட்டர் முகப்பில் ‘3200 imp/kWh’ என்று அச்சிட்டிருந்தால், ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு 3,200 முறை மின்னும் என்று அர்த்தம். 1,000 வாட்டுக்கு ஒரு நிமிடத்தில் 53 முறை மின்ன வேண்டும். கிராமத்தில் வோல்ட்டேஜ் குறைவாக இருந்தால் ராடும் குறைவாகவே எடுக்கும். 200 வோல்ட்தான் இருக்கிறது என்றால் 40 முறைதான் மின்னும், அது கோளாறு இல்லை. வோல்ட் எவ்வளவு என்பதை மீட்டர் திரையிலேயே பார்க்கலாம். 53-க்கு பதிலாக 70, 80 என்று மின்னினால் மீட்டர் வேகமாக ஓடுகிறது. (‘1600’ என்று அச்சிட்டிருந்தால் எல்லாவற்றையும் பாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.)

இந்தச் சோதனையில் தப்பு தெரிந்தால்தான் மீட்டர் சோதனைக்கு மனு. அதுவும் உதவிப் பொறியாளருக்குத்தான். சோதனைக் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். மீட்டரைக் கழற்றி எம்.ஆர்.டி. ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒரு முறை. கழற்றும்போது அதில் இருக்கும் ரீடிங், சீல், மீட்டர் எண் எல்லாம் எழுதிய குறிப்பில் நுகர்வோரும் கையெழுத்துப் போட்டு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இன்னொரு மீட்டரை வைத்து இரண்டும் ஒரே மாதிரி ஓடுகிறதா என்று பார்ப்பது இன்னொரு முறை. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள்படி, ரீடிங் உபயோகத்துக்கு ஒத்துவரவில்லை என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் இப்படிச் சோதனை மீட்டர் வைக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மனுவில் இந்த விதியைக் குறிப்பிட்டு, ‘சோதனை மீட்டர் பொருத்தவும்’ என்று தெளிவாகக் கேட்கலாம்.

மீட்டர் பழுது என்று தெரிந்தால், தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்புப்படி, பழுதுக்கு முந்தைய நான்கு மாத சராசரியை வைத்து அந்தக் காலத்தின் பில் திருத்தப்படும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. அந்த நான்கு மாதத்தில் உபயோகம் வேறு மாதிரி இருந்திருந்தால், உதாரணமாக வீடு பூட்டிக்கிடந்திருந்தாலோ, கல்யாண வேலை நடந்திருந்தாலோ, அந்தச் சராசரி பொருந்தாது. அதை நுகர்வோர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

காங்கேயம் குடும்பத்துக்கு மூன்று வாரம் பதிலே வரவில்லை. மருமகள் மனு நகலோடு உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்குப் போனார். அவர் முன்னாலேயே காகிதத்தில் 60, 30, 660 என்று எழுதிக் கூட்டி, மூன்றால் வகுத்துக் காட்டினார். “யாரும்மா இந்தக் கணக்குப் போட்டது?” என்று கேட்டவர், பிரிவு அலுவலகத்துக்கு போன் போட்டார். நாலாம் நாள் ஓர் ஆய்வாளர் தோட்டத்துக்கு வந்து மீட்டரையும் கேட்டையும் நாயையும் பார்த்துவிட்டுப் போனார். ஜூன் பில்லில் 1,940 ரூபாய் வரவு வைக்கப்பட்டிருந்தது.

அங்கேயும் நடக்கவில்லை என்றால், மின் பகிர்மான வட்ட அலுவலகத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதலாம். அதிலும் தீரவில்லை என்றால் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளர். இரண்டுக்கும் வக்கீல் வேண்டியதில்லை. சீல் வைத்த மனு நகல், ஆட்சேபக் கடிதம், அட்டை நகல் இவை இருந்தால் போதும்.

வரவு வைத்த தொகை நாலு பில்லுக்கு வந்தது. மிச்சம் 140 ரூபாய் ஐந்தாவது பில்லில் கழிந்தது. ரீடிங் எடுக்க வரும் வாரத்தில் அந்த வீட்டில் இப்போது நாயைப் பகலில் கட்டிவைக்கிறார்கள்.